வெளிர்நீலப் பருத்திச் சட்டையில் துருக்கறையும் பூஞ்சைப் புள்ளியும் சேர்ந்தே இருக்கிறது, எதை முதலில் எடுப்பது?

நீலச்சட்டை | முதல் நாள், காலை 8:40

ஈரச் சட்டையைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அந்தப் பையைச் சுத்தமாக மறந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்துத் திறந்தால் பழைய மரப்பெட்டி நாற்றம். பை ஓரத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது, அதுவும் ஞாபகம் இல்லை.

இப்போதைய நிலை: ஊக்கு இருந்த இடத்தில் பட்டாணி அளவில் இரண்டு செம்பழுப்புக் கறை. காலருக்குக் கீழேயும் முதுகு மடிப்பிலும் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். நூறு சதவீதம் பருத்தி. சோப்பு போட்டு இரண்டு முறை துவைத்தாயிற்று, பிரஷ்ஷும் போட்டேன். பிரஷ் போட்ட இடத்தில் கறை அப்படியே இருக்க, நீலம்தான் கொஞ்சம் வெளுத்தது போலத் தெரிகிறது. குளோரின் பிளீச் போடாதே என்று லேபிளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தடவையில் எடுக்க வழி உண்டா?

குமிழி | காலை 9:05

எலுமிச்சைச் சாறு, உப்பு, வெயில். இந்த மூன்றுக்கு மேல் எதுவும் வேண்டாம். கறை மேல் உப்பைத் தூவிச் சாற்றைப் பிழிந்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். மதியத்துக்குள் போய்விடும். என் வெள்ளைத் தலையணை உறையில் இருந்த துரு இப்படித்தான் போனது. வெயில் பட்டால் பூஞ்சையும் சாகும், ஆக ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கம்பிக்கொடி | காலை 9:22

துருவுக்கு நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். தேய்த்துவிட்டு ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் திரும்ப வராது. துணி மாட்டும் கம்பிக்கு இதுதான் சரி.

நீலச்சட்டை | காலை 9:30

அண்ணே, துரு இருப்பது சட்டையில், கம்பியில் இல்லை. சட்டைக்குப் பெயிண்ட் அடிக்க மனம் வரவில்லை.

கம்பிக்கொடி | காலை 9:41

தலைப்பில் துரு என்பதை மட்டும் பார்த்தேன். இருந்தாலும் சொல்கிறேன், கொடியும் கிளிப்பும் துருப்பிடித்திருந்தால் அடுத்த சட்டையும் இதே கதைதான்.

நாற்பதாம்நம்பர்நூல் | காலை 10:15

சாயப்பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன். ஒரே தடவையில் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டு கறையும் எதிரெதிர் ஜாதி. துரு ஆசிடுக்கு அடங்கும். பூஞ்சைப் புள்ளியின் கறுப்புக்கு வெளுக்கும் மருந்து வேண்டும். அந்த வெளுக்கும் மருந்தைத் துரு இருக்கும்போதே போட்டால் துணி ஓட்டையாகும்.

காரணம் இதுதான். ஆக்ஸிஜன் பிளீச் தண்ணீரில் கரைந்ததும் பெராக்சைடு வெளிவரும். துணி முழுக்க அது மெதுவாக வேலை செய்யும். இரும்பு ஒட்டிய புள்ளியில் மட்டும் தாறுமாறாக உடைந்து, கறையோடு நூலையும் சேர்த்து அரிக்கும். பட்டறையில் வெளுப்புத் தொட்டியிலிருந்து வரும் துணியில் ஊசி குத்தியது போலத் துளை இருந்தால், அந்த இடத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்ததா என்றுதான் முதலில் பார்ப்போம். வீட்டு வாளியிலும் அதே விஷயம்தான் நடக்கும். துளை உடனே தெரியாது. நாலைந்து துவைப்புக்குப் பிறகு கறை இருந்த இடம் மட்டும் பொத்துக்கொள்ளும், துணி பழசாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

குளோரின் பிளீச் துருவை எடுக்கவே எடுக்காது. அழுத்தமாக்கி வைக்கும், நூலையும் கெடுக்கும்.

ஆகவே முதலில் துரு, நன்றாக அலசல், அப்புறம் பூஞ்சை.

குமிழிக்கு: வெள்ளை உறையில் அது வேலை செய்திருக்கும், மறுக்கவில்லை. வெளிச்சம் பட்டால் எலுமிச்சை துருவைக் கரைக்கும் வேகம் கூடும். ஆனால் இது நீலச் சட்டை. சாறு பட்ட இடம் வெயிலில் வெளுத்தால், துரு போய் அதே அளவில் வெள்ளைப் பொட்டு நிற்கும். இன்னொன்று, காயவே விடக்கூடாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக நூலுக்குள் ஆசிட் கெட்டியாகிக்கொண்டே போகும். அதன் மேல் இஸ்திரிப் பெட்டியும் வைத்தால் பருத்தி நொறுங்க ஆரம்பிக்கும்.

குமிழி | காலை 10:31

அப்படியானால் உப்பு எதற்கு? எல்லோரும் உப்பு போடச் சொல்கிறார்களே.

நாற்பதாம்நம்பர்நூல் | காலை 10:40

உப்புத்தூள் சாற்றை ஓரிடத்தில் பிடித்து வைக்கும். அதற்கு மேல் பெரிதாக ஏதும் செய்வதை நான் பார்த்ததில்லை. போட்டாலும் கெடுதல் இல்லை, ஆனால் பரல் உப்பைப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

அலமாரிஅக்கா | காலை 10:52

நான் உப்பு இல்லாமலும் செய்திருக்கிறேன், போட்டும் செய்திருக்கிறேன். போட்டபோது சீக்கிரம் போனது. என் கண்ணை நம்புவதா, உங்களை நம்புவதா என்று தெரியவில்லை தம்பி.

நீலச்சட்டை, எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பழுப்பு துருதான் என்று உறுதியாகத் தெரியுமா? மடித்து வைத்த பழைய துணியில் கஞ்சி பழுத்தும் பழுப்புப் பொட்டு வரும். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

நாற்பதாம்நம்பர்நூல் | காலை 11:10

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. சோதனை சுலபம். பழுப்புக் கறையின் ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். துரு என்றால் அந்த இடம் மட்டும் வெளிறி, ஒற்றி எடுக்கும் வெள்ளைத் துணியில் இளமஞ்சள் இறங்கும். பழுத்த கஞ்சியோ பூஞ்சையோ அசையாது.

அதற்கு முன் சாயச் சோதனை. உள்பக்கத் தையலில் மடித்துவிட்ட துணி ஓரம் இருக்கும், சட்டையின் கீழ் மடிப்பிலும் கிடைக்கும். அதே எலுமிச்சைச் சாற்றில் அந்த இடத்தை நனைத்து, கால் மணி நேரம் விட்டு, வெள்ளைத் துணியால் அழுத்துங்கள். சாயம் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள். சில நீலச் சாயங்களில் உலோகம் சேர்ந்திருக்கும். ஆசிட் அதை உருவிவிட்டால் நீலம் சிவப்புப் பக்கம் சாயும். அலசிக் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஈரத்தில் எல்லாச் சாயமும் அழுத்தமாகவே தெரியும்.

நீலச்சட்டை | மாலை 6:20

சோதனை செய்தேன். ஓரத்தில் சொட்டிய இடம் எட்டாவது நிமிடத்திலேயே வெளிறியது, ஒற்றிய துணியில் மஞ்சள். துருதான். நீலம் இறங்கவில்லை, காய்ந்த பிறகும் நிறம் அப்படியே இருக்கிறது. அடுத்து என்ன?

நாற்பதாம்நம்பர்நூல் | மாலை 6:55

எலுமிச்சையை விட சிட்ரிக் ஆசிட் தூள் நல்லது. அளவு கைக்குள் இருக்கும், சாற்றின் சர்க்கரையும் சக்கையும் துணியில் தங்காது. 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 கிராம், அதாவது தட்டையாக இரண்டு டீஸ்பூன். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம்.

சட்டையை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள். கறைக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, உள்பக்கத்திலிருந்து கரைசலைத் தொட்டு வையுங்கள். தேய்க்காதீர்கள். பிரஷ் போட்ட இடம் வெளுத்தது என்றீர்களே, அங்கே சாயம் போயிருக்காது. மேல் இழைகள் பிசிறி வெள்ளையாகத் தெரியும், அது திரும்பி வராத சேதம். ஈரம் காயாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, நிழலில் இருபது நிமிடம். அப்புறம் அலசிப் பாருங்கள். பாக்கி இருந்தால் புதுக் கரைசலில் இன்னொரு தடவை, மொத்தம் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம்.

புளிப்புச்சாமி | இரவு 7:30

இத்தனை சிரமம் எதற்கு? வெள்ளை வினிகர் ஊற்றினால் துருவும் போகும், பூஞ்சையும் சாகும். ஒரே பாட்டில்.

அலமாரிஅக்கா | இரவு 7:48

சாகும், ஆனால் புள்ளி போகாது. நானும் வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். நாற்றம் போனது, கறுப்பு அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

நாற்பதாம்நம்பர்நூல் | இரவு 8:02

அக்கா சொல்வது சரி. பூஞ்சையின் கறுப்பு அதன் உடம்பிலேயே ஊறிய நிறம், செத்த பிறகும் நூலுக்குள் தங்கும். அதை வெளுத்துத்தான் ஆக வேண்டும். துருவுக்கு வினிகர் கொஞ்சம் உதவும், ஆனால் கரைந்த இரும்பைப் பிடித்து வைப்பதில் சிட்ரிக் அளவுக்கு வராது.

புளிப்புச்சாமி | இரவு 8:10

சரி, வினிகரோடு பிளீச்சும் சேர்த்தால்? முன்பு ஒருமுறை குளியலறையில் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினேன். தொண்டை எரிந்து அரை மணி நேரம் இருமினேன். ஆனால் புள்ளி போனது.

நாற்பதாம்நம்பர்நூல் | இரவு 8:14

உங்களை இரும வைத்தது குளோரின் வாயு. கதவு சாத்தியிருந்தால் இதை இங்கே எழுத நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள். ஆசிட் எதுவாக இருந்தாலும் குளோரின் பிளீச்சோடு சேரக்கூடாது. வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் எல்லாம் இதில் அடக்கம். ஆசிட் போட்ட துணியை அரைகுறையாக அலசிவிட்டு பிளீச் வாளியில் போடுவதும் அதே தப்புதான்.

நீலச்சட்டை | இரண்டாம் நாள், காலை 11:35

ஒரு கறை முழுக்கப் போய்விட்டது! இன்னொன்று நடுவில் போய், சுற்றிலும் மெல்லிய மஞ்சள் வளையம் நிற்கிறது. தண்ணீர்க் கறை மாதிரி, ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. முதல் கறைக்கு அடியில் துணி வைத்தேன். இரண்டாவதுக்கு வைக்க மறந்தேன், நடுவில் போன் வேறு வந்தது, ஓரம் காய்ந்துவிட்டது.

நாற்பதாம்நம்பர்நூல் | மதியம் 12:10

கரைந்த இரும்பு வெளியே போக வழியில்லாமல், ஈரத்தோடு ஓரத்துக்கு நகர்ந்து அங்கேயே காய்ந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. இந்த முறை கறையை மட்டும் நனைக்காமல், வளையத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை நனையுங்கள். அடித்துணியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். துணியில் மஞ்சள் இறங்குவது நின்றால் வேலை முடிந்தது. உடனே, காய விடாமல், நிறையத் தண்ணீரில் மூன்று அலசல். இரண்டாவது அலசலில் ஒரு வாளிக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் மிச்ச ஆசிட் அடங்கும்.

வெள்ளைபனியன் | மதியம் 12:45

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஊக்கு, கம்பி எதுவும் இல்லாமலே எல்லா வெள்ளைத் துணியும் மஞ்சளாகிறது. பிளீச் போடும் அன்றைக்கு இன்னும் மோசம். துணி சரியில்லை என்று கடையில் சண்டை கூடப் போட்டேன்.

நாற்பதாம்நம்பர்நூல் | மதியம் 1:05

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. குழாயில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், கண்ணாடிக் குடுவையில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் செம்மண் மாதிரி படியும். கரைந்திருக்கும் அந்த இரும்பைப் பிளீச் ஒரே நொடியில் துருவாக்கித் துணி மேல் இறக்குகிறது. பிளீச்சை நிறுத்துங்கள். ஏற்கெனவே மஞ்சளானதை, வாளித் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசலாம். அலசும் தண்ணீரும் அதே தண்ணீர் என்றால் பாதிப் பலன்தான், வடிகட்டாமல் தீராது.

வெள்ளைபனியன் | மதியம் 1:20

குடுவையில் பிடித்து வைத்துவிட்டேன். காலையில் சொல்கிறேன்.

நீலச்சட்டை | மாலை 5:50

வளையம் போயிற்று. ஆறு முறை அடித்துணி மாற்றினேன், கடைசி இரண்டில் மஞ்சள் இல்லை. மூன்று அலசலும் ஆயிற்று. இனி கரும்புள்ளி. அதற்கும் சிட்ரிக் பட்டதே, கொஞ்சமும் அசையவில்லை.

அலமாரிஅக்கா | மாலை 6:15

முதலில் நன்றாகக் காய வையுங்கள். காய்ந்ததும் வீட்டுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் மேலாகத் தட்டிவிடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் பூசணத்தை நாமே நூலுக்குள் ஏற்றிவிடுவோம். எனக்கு இது ஒரு மெத்தை விரிப்பைக் கெடுத்த பிறகுதான் தெரிந்தது.

நாற்பதாம்நம்பர்நூல் | மாலை 6:40

அக்கா சொன்னதைச் செய்துவிட்டு, ஆக்ஸிஜன் பிளீச் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட். நான்கு லிட்டர் தண்ணீர், கை பொறுக்கும் சூடு, 40 டிகிரி போதும், அதில் 15 கிராம். முழுக்கக் கரைந்த பிறகே சட்டையை விட வேண்டும். கரையாத ஒரு குருணை துணி மேல் உட்கார்ந்தால் அங்கே மட்டும் நீலம் வெளுக்கும். இதற்கும் தையல் ஓரச் சோதனை தனியாகச் செய்யுங்கள், ஆசிடைத் தாங்கிய சாயம் இதையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

துருவுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே புள்ளிகளில் மட்டும் தொட்டு வைக்காதீர்கள். சட்டை முழுவதும் முங்க வேண்டும். நிறம் ஒரு இழை குறைந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறையும், கண்ணுக்குத் தெரியாது. மேலே மிதந்தால் ஒரு பீங்கான் தட்டை வைத்து அழுத்துங்கள். இரும்பு வாளி, தகர மூடி எதுவும் கிட்டே வரக்கூடாது. மூன்று மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை புரட்டி விடுங்கள். மிச்சக் கரைசலைப் பாட்டிலில் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

குமிழி | மாலை 6:52

என்னிடம் கறுப்பில் பூ அச்சடித்த பருத்தித் துணி இருக்கிறது. இயற்கைச் சாயம் என்று சொல்லித் தந்தார்கள். அதில் ஒரு துருப் பொட்டு. இதே சிட்ரிக் போடலாமா?

நாற்பதாம்நம்பர்நூல் | இரவு 7:05

நிறுத்துங்கள்! இயற்கைக் கறுப்பு பெரும்பாலும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து வருவது. அந்தக் கறுப்பே இரும்புதான். துருவை எடுக்கும் ஆசிட் உங்கள் பூவையும் எடுத்துவிடும், ஓரச் சோதனையில் கறுப்பு பழுப்பாவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பொட்டோடு வாழப் பழகுங்கள்.

குமிழி | இரவு 7:09

பூவுக்கு நடுவில் இருந்தால் பரவாயில்லை, வெள்ளைப் பகுதியில் அல்லவா இருக்கிறது.

நாற்பதாம்நம்பர்நூல் | இரவு 7:20

பூவிலிருந்து எவ்வளவு தள்ளி? நான்கு விரல் இருந்தால், பஞ்சுக் குச்சியால் கறையின் நடுவில் மட்டும் தொட்டு முயலலாம். நானாக இருந்தால் தொட மாட்டேன்.

நீலச்சட்டை | மூன்றாம் நாள், மதியம் 2:30

ஓரச் சோதனையில் நீலம் தாங்கியது, முங்க வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து அலசிக் காய வைத்தேன். முதுகு மடிப்பில் ஒரு புள்ளி கூட இல்லை. நாற்றமும் இல்லை. காலருக்குக் கீழே ஏழெட்டுப் புள்ளி சாம்பல் நிழலாக நிற்கிறது, ஒரு அடி தள்ளி நின்றால் தெரியவில்லை. நீலம் புதுச் சட்டையோடு வைத்துப் பார்த்தால் ஒரு துளி குறைவு, தனியாகப் பார்த்தால் தெரியாது.

ஒரே கவலை. ஊக்குத் துரு இருந்த ஒரு இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு நூல் அறுந்து, முடி அளவு இடைவெளி தெரிகிறது. இது ஆசிட் செய்ததா, இல்லை ஊக்கு குத்திய துளையா?

நாற்பதாம்நம்பர்நூல் | மதியம் 3:10

ஊக்கு என்றால் நூலை விலக்கும், அறுக்காது. ஒன்பது நாள் ஈரத்தில் துருவும் நூலும் ஒட்டிக் கிடந்தது, அதிலேயே நலிந்திருக்கலாம். நீங்கள் முதலில் போட்ட பிரஷ்ஷும் இருக்கலாம். சிட்ரிக் அவ்வளவு நேரத்தில் அறுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

புளிப்புச்சாமி | மதியம் 3:25

இல்லை, ஓரம் காய்ந்தது என்றாரே. ஆசிட் கெட்டியாகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

நாற்பதாம்நம்பர்நூல் | மதியம் 3:40

சொன்னேன். சில நிமிடம் காய்ந்ததுக்கு நூல் அறுமா என்பது சந்தேகம், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது. எந்தக் கறையில் நூல் அறுந்திருக்கிறது? வளையம் வந்த கறையிலா, சுத்தமாகப் போன கறையிலா?

நீலச்சட்டை | மாலை 4:05

அதுதான் குழப்பம். சுத்தமாகப் போன கறையில்.

அலமாரிஅக்கா | மாலை 4:20

உள்பக்கமாக ஒரு சின்னத் துண்டு ஒட்டுத்துணி வைத்து நாலு தையல் போடுங்கள், பரவாது. சாம்பல் நிழலுக்கு இன்னொரு முறை ஊறவைக்கலாமா தம்பி?

நாற்பதாம்நம்பர்நூல் | மாலை 4:45

சாயம் தாங்கும், நூலைத்தான் பார்க்க வேண்டும். சாம்பல் புள்ளி இருக்கும் இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பக்கத்துத் துணி போலவே விறைப்பாக இருந்தால் புதுக் கரைசலில் இன்னொரு மூன்று மணி நேரம். மசமசவென்று கொடுத்தால் பூஞ்சை நூலையே தின்றிருக்கிறது, அதை வெளுத்தால் நிழல் போய் ஓட்டை வரும்.

வெள்ளைபனியன் | மாலை 5:00

குடுவை அடியில் செம்மண்! ஒரு விரற்கடை கூட இல்லை, ஆனால் இருக்கிறது. கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று யாராவது சொல்லுங்கள்.

நீலச்சட்டை | மாலை 5:30

இழுத்துப் பார்த்தேன். காலர் பக்கம் விறைப்பாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் தளர்வாகத் தோன்றுகிறது. அது பொத்தான் போட்டால் மறையும் இடம். ஒட்டுத்துணியை முதலில் தைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை முங்க வைக்கிறேன். பையிலிருந்த ஊக்கைத் தூக்கிப் போட்டாயிற்று.